சிறுவாட்டுக்குச் சேமிப்புக் கணக்கு போதுமா?

"மாதம் ஐந்நூறோ ஆயிரமோ மிச்சம் பிடிக்கிற பெண்மணிக்குத் தபால் நிலையத்து ஆர்.டி. எதற்கு? வங்கிக் கணக்கிலேயே கிடக்கட்டுமே!" என்று படித்தவர் வீடுகளிலும் படியாதவர் வீடுகளிலும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். வங்கியிலே வேலை பார்க்கிற மைத்துனர் சொல்கிறார். கைபேசியிலேயே சகல காரியங்களையும் முடித்துவிடுகிற மகன் சொல்கிறான். இவர்கள் இருவரும் சொன்ன பிறகு மறுத்துப் பேசும் வழக்கம் இல்லாத இல்லத்தரசியும் அதையே தன் அபிப்பிராயமாக எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் எடுத்துச் சொல்லவும் தொடங்கிவிடுகிறாள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எதிர்ப்பே இல்லாமல் உலவி வருகிற இந்த அபிப்பிராயம் தவறானது என்பதே என் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்து வைக்கிறேன். குடும்பத் தலைவிக்குத் தனக்கென்று சம்பளம் கிடையாது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிஞ்சுவதே அவளுடைய வருமானம். அது ஒரு மாதம் மிஞ்சும், மறுமாதம் மிஞ்சாது. அப்படிப்பட்டவளை ஐந்து வருஷம், அறுபது தவணை என்று கட்டிப்போடுவது அநியாயம். நடுவிலே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், நாத்தனார் வீட்டில் விசேஷம் வந்தாலும், சேமிப்புக் கணக்கில் இருக்கிற பணம் அந்த நிமிஷமே கைக்கு வரும், ஆர்.டி.யில் போட்ட பணம் வராது. தவணை தவறினால் அபராதம், முன்னதாக முடித்தால் வட்டிக் குறைப்பு. இத்தனை கஷ்டத்துக்கும் ஈடாகக் கிடைக்கிற அதிக வட்டியோ, ஆயிரம் ரூபாய்ச் சேமிப்பிலே என்ன பெரிய தொகையாகிவிடப் போகிறது? போதாக்குறைக்குத் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதனாலேயேதான் இத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள்.

1. வட்டி வித்தியாசம் அற்பம் என்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

தபால் நிலைய ஆர்.டி.க்கு 2023 அக்டோபரிலிருந்து ஆண்டுக்கு 6.7 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது முதலோடு சேர்ந்து, மறுபடி வட்டி ஈட்டும். சேமிப்புக் கணக்குக்கோ, நாட்டிலேயே பெரிய வங்கியாகிய பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் 2.70 சதவீதத்திலிருந்து 2.50 சதவீதத்துக்கு இறக்கிவிட்டது. மற்றப் பெரிய வங்கிகளும் அதை ஒட்டியேதான் கொடுக்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஐந்து வருஷம் போடுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் அவள் கைவிட்டுப் போடுவது அறுபதாயிரம். தபால் நிலையத்தில் அது 71,366 ரூபாயாக முதிரும். சேமிப்புக் கணக்கில், அவள் இடையில் ஒரு பைசாவும் எடுக்கவில்லை என்றும், வங்கி ஒரு பைசாவும் பிடிக்கவில்லை என்றும், வட்டி இனிமேல் இறங்கவே இறங்காது என்றும் வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 63,970 ரூபாய்தான் தேறும். வித்தியாசம் 7,400 ரூபாய்.

இந்த 7,400 ரூபாயை அற்பம் என்று சொல்லத் துணிபவர் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மாதம் ஆயிரம் மிச்சம் பிடிக்க ஒரு பெண் எத்தனை வேளை ஆட்டோவைத் தவிர்த்து நடந்திருக்கிறாள், எத்தனை முறை கறிகாய்க்காரரிடம் பேரம் பேசியிருக்கிறாள் என்று அவர் அறிவாரானால், அவளுடைய ஏழு மாத உழைப்புக்குச் சமமான தொகையை அற்பம் என்று ஒதுக்க அவருக்கு நா எழாது. சிறுசேமிப்பில் வட்டி வித்தியாசம் சிறியதுதான். ஆனால் சேமிப்பே சிறியதாக இருக்கும்போது, அந்தச் சிறிய வித்தியாசமும் சேமிப்பில் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. லட்சங்களை வைத்திருப்பவரின் அளவுகோலை எடுத்து வந்து சிறுவாட்டை அளப்பதுதான் இங்கே நடந்த தவறு.

இன்னொன்றும் உண்டு. நம் ரிசர்வ் வங்கி பணவீக்கத்துக்கு வைத்திருக்கிற இலக்கு 4 சதவீதம். விலைவாசி சில மாதங்கள் அதற்குக் கீழும் சில வருஷங்கள் அதற்கு மேலும் ஓடுவது உண்டு. ஆனால் இலக்கு அதுதான். சேமிப்புக் கணக்கின் இரண்டரை சதவீதம் அந்த இலக்கையே தொடவில்லை. எல்லாம் திட்டப்படி சீராக நடந்தால்கூட, அந்தக் கணக்கிலே கிடக்கிற பணத்தின் அரிசி வாங்கும் சக்தி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போகும் என்பதே அதன் பொருள்.

2. வங்கி ஒன்றும் பிடிப்பதில்லை என்று யார் சொன்னது?

மேலே நான் வங்கி ஒரு பைசாவும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டது எதிர்க்கட்சிக்கு நான் காட்டிய தாராளம். மாதம் ஆயிரம் போடுகிற பெண்ணின் கணக்கில் முதல் வருஷத்திலே சேரும் வட்டி, இரண்டரை சதவீதத்தில், 163 ரூபாய்க்கு மேல் இராது. அவளிடம் இருக்கிற ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 200 ரூபாய் என்றால், அதன்மேல் 18 சதவீத வரியும் சேர்ந்து 236 ரூபாய் ஆகிறது. ஒரு வருஷம் முழுவதும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததற்கு வங்கி கொடுத்த சன்மானம் 163. வைத்திருந்ததற்காக எடுத்துக்கொண்டது 236. இதற்கு அரிசிப் பானையே மேல். அது வட்டி கொடாவிட்டாலும் கட்டணம் கேட்காது.

எல்லாக் கணக்குகளும் இப்படி இல்லை என்பது உண்மை. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை, அட்டையும் இலவசம். பொதுத்துறை வங்கிகளில் பல, குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்தைச் சாதாரணக் கணக்குகளுக்கும் நீக்கிவிட்டன; பாரத ஸ்டேட் வங்கி 2020லேயே நீக்கியது. ஆனால் இந்த விவரமெல்லாம் தெரிந்து கேட்டு வாங்கிய பெண்கள் எத்தனை பேர்? தன் கணக்கு எந்த வகை, அட்டைக்கு என்ன கட்டணம், குறுஞ்செய்திக்கு எவ்வளவு என்பதைப் பாஸ்புத்தகத்தை அச்சிட்டு வாங்கி வரி வரியாகப் பார்க்கிறவளுக்கே சேமிப்புக் கணக்கு தீங்கில்லாதது. மற்றவர்களுக்கு அது மெல்லக் கசிகிற குடம்.

3. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது சௌகரியமா, ஆபத்தா?

எதிர்க்கட்சியின் கோட்டைக்கு இதுவே மூலக்கல் ஆகையால் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

சிறுவாடு என்ற சொல் நம் பெண்கள் வாழ்விலிருந்து வந்தது. அஞ்சறைப் பெட்டியின் அடியிலும், அரிசிப் பானையின் ஆழத்திலும், பட்டுப்புடவையின் மடிப்புக்குள்ளும் ஒளித்து வைத்த பணம் அது. அங்கே ஏன் வைத்தார்கள்? திருடனுக்குப் பயந்து மாத்திரம் அல்ல. வீட்டாருக்கும் தெரியக்கூடாது, தன் கைக்கும் எளிதில் எட்டக்கூடாது என்பதற்காகவே வைத்தார்கள். அரிசிக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவி எடுக்க வேண்டிய பணத்தைப் பூக்காரி கூப்பிட்டாள் என்பதற்காக யாரும் எடுத்துவிடமாட்டார்கள். அந்தத் தொந்தரவே அதற்குக் காவல். என் அத்தை ஒருத்தி அப்படிப் பானையில் சேர்த்த பணத்தைக் கொண்டு இரண்டு பெண்களுக்குத் தோடு வாங்கினாள். பிற்பாடு பேரன் அவளுக்கு வங்கிக் கணக்குத் தொடங்கிக் கொடுத்து, "இனிமேல் பானை வேண்டாம், பாட்டி" என்றான். மூன்று வருஷம் கழித்து அவள் பாஸ்புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். போட்ட வரிகள் ஒழுங்காக மாதா மாதம் இருந்தன; எடுத்த வரிகள் அவற்றைவிட அதிகமாக இருந்தன. கேஸ் சிலிண்டருக்கு, கைபேசி ரீசார்ஜுக்கு, அவசரமாகப் பேரனுக்கே ஒரு முந்நூறு, நானூறு. ஒன்றுகூட வீண் செலவு என்று சொல்ல முடியாது. ஆனால் இருப்பிலே நாலாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. பணம் எங்கே போயிற்று என்று அவள் கேட்டாள். எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

கைபேசியில் நான்கு இலக்கத்தையோ ஆறு இலக்கத்தையோ தட்டினால் பணம் போய்விடுகிற காலம் இது. வீட்டிலே ஒருவர் கணக்கு காலியானால் அடுத்தவர் கணக்கிலிருந்து "இப்போதைக்கு" அனுப்பச் சொல்லுகிறார்கள். அந்த இப்போதைக்கு திரும்பி வருவதில்லை. கணவனுடைய கடன் தவணைக்கு மனைவியின் கணக்கைக் கொடுத்திருந்தால், அந்தத் தேதியில் இருந்ததெல்லாம் அங்கே போகும். போதாதபோது தவணை திரும்பியதற்கு அபராதமும் விழும். மே மாதக் கடைசியிலே பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீடுகளுக்கு 436 ரூபாயும் 20 ரூபாயும் கணக்கிலிருந்தே தானாகப் பிடிக்கப்படுகின்றன. அவை நல்ல காப்பீடுகள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையே மறந்துவிட்ட பெண்ணுக்கு அது புரியாத கழிவாகத்தான் தோன்றுகிறது. ஆக, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், எது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் அதனுள்ளே அடங்கும். "ஆர்.டி.யில் போட்டிருக்கிறேன், எடுக்க முடியாது" என்கிற ஒரு வாக்கியம் நம் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதை ஆண்கள் அறியமாட்டார்கள்.

4. அப்படியானால் அவசரத்துக்கு என்ன செய்வாள் என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆர்.டி.யின் சட்டத்தை உள்ளபடியே வைக்கிறேன். தொடங்கி மூன்று வருஷம் முடியும் வரை அதை முடித்துப் பணத்தை எடுக்க முடியாது. மூன்று வருஷத்துக்குப் பின் முடிக்கலாம். ஆனால் முடித்தால் 6.7 சதவீதம் கிடையாது, தபால் நிலையச் சேமிப்புக் கணக்கின் வட்டியாகிய 4 சதவீதம்தான் கிடைக்கும். முதிர்வுக்கு ஒரே நாள் முன்னதாக முடித்தாலும் இதே விதிதான். ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அப்படிக் கடைசி நாளில் அவசரப்பட்டவளுக்கு, தனிவட்டியாகப் பார்த்தால், 11,366 ரூபாய் வட்டிக்குப் பதிலாகச் சுமார் 6,100 ரூபாய்தான் வரும். இது கடுமையான விதி என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த விதியைக் காட்டித்தான் எதிர்க்கட்சியார் ஆர்.டி.யை இகழ்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்கள் வாதத்தின் உள்ளே இருக்கிற வேடிக்கையைக் கவனிக்கவில்லை. ஒப்பந்தத்தை முறித்தவளுக்குத் தபால் நிலையம் தண்டனையாகக் கொடுக்கிற வட்டி 4 சதவீதம்; ஒரு குற்றமும் செய்யாமல் ஐந்து வருஷம் ஒழுங்காகப் போட்டு வந்தவளுக்குப் பெரிய வங்கி பரிசாகக் கொடுக்கிற வட்டி 2.5 சதவீதம். முப்பத்தாறு தவணை கட்டி முடித்துக்கொள்கிற பெண்ணுக்கு, தனிவட்டிக் கணக்கில், இங்கே 2,220 ரூபாய் வட்டி. அங்கே 1,390 ரூபாய்க்குள். ஒருவருடைய தண்டனை இன்னொருவருடைய வெகுமதியைவிடப் பெரிதாயிருக்கும்போது, தண்டனையைக் காட்டி வெகுமதியின் பக்கம் கூப்பிடுவது என்ன தர்க்கம்?

மிஞ்சுவது முதல் மூன்று வருஷம். அங்கேயும் கதவு முழுக்க அடைபடவில்லை. பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருஷம் ஆனபின், கணக்கில் இருக்கிற தொகையில் பாதி வரை கடன் வாங்கலாம். அதற்கு வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் அதிகம், அதாவது இப்போது 8.7 சதவீதம். பன்னிரண்டாயிரம் கட்டிய பெண் ஆறாயிரம் கடன் வாங்கி ஆறு மாதத்தில் திருப்பினால் அவள் கொடுக்கிற வட்டி 261 ரூபாய். அவள் போட்ட பணம் அதே ஆறு மாதமும் 6.7 சதவீதத்தில் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதே ஆறாயிரத்தைத் தெருவிலே நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் 1,080 ரூபாய் போயிருக்கும். திருப்ப முடியாவிட்டாலும் முதிர்வின்போது கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.

கடைசி வருஷத்துக்கும் இதே கடன்தான் மருந்து. ஐம்பதாவது மாதத்திலே ஒரு பெண்ணுக்கு இருபத்தையாயிரம் ரூபாய் தேவை என்று வையுங்கள். கணக்கை முடித்தால், தனிவட்டியாகப் பார்த்தாலே, அதுவரை சேர்ந்த வட்டியில் சுமார் 2,870 ரூபாயை இழப்பாள். முடிக்காமல் இருபத்தையாயிரம் கடன் வாங்கி முதிர்வு வரை பத்து மாதம் வைத்திருந்தால் வட்டி சுமார் 1,810 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். கணக்கும் உயிரோடு இருக்கும். முகப்பிலே "முடிக்க வேண்டும்" என்று சொல்லும் பெண்ணிடம் "கடன் வாங்கிக்கொள்ளலாமே அம்மா" என்று சொல்கிற எழுத்தர் எல்லா ஊரிலும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவளே கேட்க வேண்டும்.

ஆனால் முதல் பன்னிரண்டு மாதம்? அப்போது முடிக்கவும் வழியில்லை, கடனுக்கும் வழியில்லை. இதை நான் மறைக்கவில்லை. என் வாதத்தின் எல்லையே இதுதான். ஆகையால் கையில் ஒன்றும் இல்லாத பெண் முதல் ரூபாயையே ஆர்.டி.யில் போடுவதை நானும் உசிதம் என்று சொல்லமாட்டேன். மருந்துக்கும் திடீர்ச் செலவுக்கும் ஐந்தாயிரமோ ஆறாயிரமோ சேமிப்புக் கணக்கில் சேரும் வரை அங்கேயே போடட்டும்; அந்த வேலைக்கு அந்தக் கணக்கைப்போல் வேறொன்று இல்லை. அதற்கு மேல் சேருவதையும் அங்கேயே விட்டு வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். குடிக்கத் தண்ணீர் குடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கிணற்றையும் குடமாக்கிவிட முடியுமா?

5. தவணை தவறினால் அபராதம் என்கிறார்கள். எவ்வளவு என்று சொல்வதில்லை.

நூறு ரூபாய்த் தவணைக்கு ஒரு ரூபாய். ஆயிரம் ரூபாய்த் தவணையை ஒரு மாதம் தவறவிட்டு மறுமாதம் கட்டினால் பத்து ரூபாய். தபால் நிலையத்துக்குப் போக ஆகிற பஸ் கட்டணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொடர்ந்து நான்கு தவணை தவறினால்தான் கணக்கு நின்றுபோகும். அப்போதும் இரண்டு மாதத்துக்குள் அதை உயிர்ப்பித்துக்கொள்ளலாம். தவறிய தவணைகள் நான்கைத் தாண்டாவிட்டால், அத்தனை மாதம் முதிர்வைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. வருமானம் நிச்சயமில்லாத வீட்டை நினைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு இது என்பது படித்தவுடனே தெரிகிறது. இதையே கொடுமை என்று வர்ணிப்பவர்கள் இதைப் படித்திருக்கிறார்களா என்பதே என் சந்தேகம்.

6. வரிசையும் தாமதமும் பற்றி.

இதில் உண்மை உண்டு. ஆனால் பழைய உண்மை. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்கில் ஒரு கணக்கைத் தொடங்கி ஆர்.டி.யோடு இணைத்துக்கொண்டால் கைபேசியிலிருந்தே தவணை கட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிற பெண் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்கம் 4 சதவீதக் கழிவு கொடுப்பதால் சேமிக்கிறவள் தன் கையிலிருந்து ஒன்றும் தர வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒன்று மாத்திரம் உண்டு. முகவரிடம் கொடுத்த பணம் தபால் நிலையத்தில் சேர்ந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி பாஸ்புத்தகத்தில் விழுகிற பதிவுதான். முகவரின் கையெழுத்தோ, பழக்கமோ, உறவோ அன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பாஸ்புத்தகத்தைத் தன் கையால் வாங்கிப் பார்க்காதவள், முகவர் எத்தனை நல்லவராயிருந்தாலும், தவறு செய்கிறாள். "புத்தகம் ஆபீஸிலேயே இருக்கிறது" என்ற பதில் இரண்டாம் முறை வந்தால், மூன்றாம் முறைக்குக் காத்திராமல் அவளே ஆபீஸுக்குப் போய்விட வேண்டும்.

7. என் பக்கத்தாரிடமும் ஒரு சண்டை.

தபால் நிலையத்தை ஆதரிப்பவர்கள், "அரசாங்கத்தின் பணம், பத்திரம், வங்கி மூழ்கிவிடும்" என்று பயமுறுத்துவதைக் கேட்டிருக்கிறேன். இந்த விவகாரத்தில் அது செல்லாக்காசு. வங்கியிலே ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வைப்புக்குக் காப்பீடு இருக்கிறது. மாதம் ஆயிரம் போடுகிற பெண்ணுக்கு ஐந்து லட்சத்தைப் பற்றிய கவலை எதற்கு? அதேபோல, தொடங்கிய நாளின் வட்டி ஐந்து வருஷமும் மாறாது என்பதை ஆர்.டி.யின் மகிமையாகச் சொல்கிறார்கள். அது இருபுறமும் கூரான கத்தி. 2020லிருந்து 2023 தொடக்கம் வரை ஆர்.டி. தொடங்கியவர்கள் 5.8 சதவீதத்தில் கட்டுப்பட்டார்கள். பின்னால் வட்டி ஏறியபோது அவர்களுக்கு ஏறவில்லை. வட்டி இறங்குகிற காலத்தில் தொடங்கியவருக்கு அது லாபம். ஏறுகிற காலத்தில் நஷ்டம். அப்படி நஷ்டப்பட்டவரும் சேமிப்புக் கணக்குக்காரரைவிட இரண்டு பங்குக்கு மேலேயே வாங்கினார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

வங்கிகளிலேயே ஆர்.டி. உண்டே, அதில் சேரலாமே என்று ஒருவர் கேட்கலாம். சேரட்டும், அதை முன்னதாக முடிப்பதும் பொதுவாக எளிது. அப்படிச் சேருகிறவர் என் எதிரி அல்லர், என் கட்சிக்காரரே. என் வழக்கு சேமிப்புக் கணக்கே போதும் என்பவரோடு மட்டும்தான்.

கடைசியாக, கட்டிப்போட்டுவிடுகிறது என்ற புகாருக்கு நம் பெண்களே கண்டுபிடித்து வைத்திருக்கிற ஒரு பரிகாரத்தையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு ஒரே கணக்குத் தொடங்காமல், ஐந்நூறுக்கு ஒன்று, முந்நூறுக்கு ஒன்று, இருநூறுக்கு ஒன்று என்று மூன்றாகத் தொடங்குகிறார்கள். ஒருவர் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சத் தவணை நூறு ரூபாய்தான், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எதுவும் செல்லும். கஷ்டம் வந்தால் இருநூறை நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் தொடரலாம்; மூன்று வருஷத்துக்குப் பின் பணம் வேண்டுமானால் முந்நூறை மட்டும் முடித்து, ஐந்நூறின் 6.7 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். தொடங்குகிற தேதியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாதத்தின் 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15க்குள் தவணை கட்ட வேண்டும்; 16ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ தொடங்கியதற்கு மாதக் கடைசி வேலை நாள் வரை அவகாசம். ஒன்றாந்தேதி சம்பளம் வருகிற வீட்டுப் பெண் முதல் பாதியில் தொடங்குவதே நல்லது. 15ஆம் தேதிக்குப் பின் அந்த வீட்டில் எடுத்து வைக்க என்ன இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வாரக் கூலியோ கடை வருமானமோ வருகிற வீடானால், அவள் இருபதாம் தேதியன்று போய்த் தொடங்கட்டும்.